படி அளவும் தொற்றின் உச்சமும்

எஸ்.ஐ.ஆர். மாதிரி மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என மூன்றாகப் பிரிக்கிறது. 1978இல் இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் 763 மாணவர்களிடையே ஃபுளூ பரவியது. அதற்கேற்ப, நாளொன்றுக்குப் பரவல் வீதம் 1.66, மீட்பு வீதம் 0.44, தொடக்கத்தில் ஒரு நோயாளி எனக் கொள்ளலாம். சமன்பாட்டின் துல்லியத் தீர்வில் 6.4ஆம் நாளையொட்டி நோயாளிகள் சுமார் 293 பேராகி உச்சம் தொடுகின்றனர்.

ஆய்லர் முறையில் ஒருநாள் படி வைத்தால் உச்சம் 9ஆம் நாளுக்குத் தள்ளிப்போய், 365ஆக உயர்கிறது. இம்முறை நாளின் தொடக்க வேகத்தையே நாள் முழுவதும் நீட்டிக்கிறது. அதனால் தொடக்கத்தில் நோயாளிகள் தினமும் 3.4 மடங்காவதற்குப் பதில் 2.2 மடங்கே ஆகின்றனர், உச்சம் தாமதமாகிறது. பின்னர், தொற்றக்கூடியவர் குறைவதை அந்த நாளுக்குள் கணக்கிடாததால் எண்ணிக்கை மிகுகிறது.

படியைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட வேண்டும். உச்சம் நகர்ந்தால் படி இன்னும் பெரிது. படி போதுமான அளவு சிறிதானபின், அதைப் பாதியாக்கும்போது ஆய்லர் முறையின் பிழையும் ஏறத்தாழப் பாதியாகும்.