இடி உண்டு, மழை இல்லை

2018 ஜூலை 23. வட கலிஃபோர்னியாவின் மலைச்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு டிரெய்லரின் டயர் காற்றிறங்கியது. வெறும் இரும்பு வளையம் தார்ச்சாலையில் உரச, தெறித்த பொறி ஓரத்துக் காய்ந்த புல்லைப் பற்றவைத்தது. 'கார் தீ' என்று பெயர் வாங்கிய காட்டுத்தீயின் பிறப்பு அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, மாலை ஏழரை மணிவாக்கில், அது ரெட்டிங் நகரின் மேற்கு விளிம்பில் எழுந்து நின்று சுழன்றது. உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தன. மரங்களின் பட்டை உரிந்தது. மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்த தீயணைப்பு ஆய்வாளர் ஒருவர் அதில் சிக்கி உயிரிழந்தார். சேதத்தைப் பார்த்த வானிலை அதிகாரிகள், காற்றின் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும் என்று கணித்தார்கள். கடும் டொர்னாடோவுக்குரிய வேகம் அது.

காட்டுத்தீயில் சிறு நெருப்புச் சுழல்கள் அபூர்வமல்ல. கோடையில் பொட்டல்வெளியில் புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் சுழிக்காற்றின் உறவுக்காரர்கள்தான் அவை. பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ரெட்டிங்கில் எழுந்தது மட்டும் ஏன் அப்படி வளர்ந்தது? ரேடார் பதிவுகளைப் பின்னர் அலசிய ஆய்வாளர்களுக்கு விடை தரையில் கிடைக்கவில்லை. மேலே, புகையின் தலையில் இருந்தது.

தீக்கு மேலுள்ள காற்று சூடாகி விறுவிறுவென்று மேலேறும். அது விட்ட இடத்தை நிரப்பச் சுற்றுப்புறக் காற்று நாலாபுறமிருந்தும் உள்ளே பாயும். இதுதான் தீ தனக்குத் தானே வரவழைத்துக்கொள்ளும் காற்று. அன்று தீயின் விளிம்பை ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் வீசிய காற்றுகள் வெவ்வேறு திசையில் ஓடின. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பென்சிலை வைத்து உருட்டுவதுபோல, இடையில் மாட்டிய காற்று மெல்லச் சுழன்றது. அதனால் பெரிய ஆபத்து ஏதுமில்லை, அதை யாரும் மேலே பிடித்து இழுக்காத வரை.

இழுத்தது மேகம்.

மேலேறும் புகைக்காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. மரம் எரியும்போதும் நீராவி வரும். ஆனால் பெரும்பங்கு, புகை வழியில் வாரிச் சுருட்டிக்கொண்ட சுற்றுக்காற்றினுடையது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் பட்ட ஆவி சுள்ளென்று சுடுவது ஏன்? தோலில் அது நீராக மாறும்போது, தான் வாங்கி வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் இறக்கிவைக்கிறது. வானத்திலும் அதே கணக்கு. தளரவேண்டிய புகைத்தூணுக்கு, பாதி வழியில் இரண்டாவது அடுப்பு கிடைத்துவிடுகிறது. ரெட்டிங்கில் 6 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த புகையின் உச்சி, பதினைந்தே நிமிடத்தில் 12 கிலோமீட்டரைத் தொட்டது.

அந்த இழுப்பில் கீழே மந்தமாகச் சுற்றிய காற்று நீண்டு ஒல்லியானது. கையை விரித்துத் தட்டாமாலை சுற்றும் குழந்தை சட்டென்று கையை மார்போடு சேர்த்தால் எப்படி வேகமெடுக்குமோ, அப்படி வேகமெடுத்தது. சுழல் 5,200 மீட்டர் உயரம்வரை ஏறியதை ரேடார் காட்டியது.

களத்தில் நிற்பவர்கள் அதனால்தான் புகையின் வடிவத்தைக் கவனிக்கிறார்கள். சாய்ந்து படரும் புகை என்றால் காற்றின் கை ஓங்கியிருக்கிறது. அதுவே நிமிர்ந்து தூணாகி, கரும்புகையின் மேல் காலிஃபிளவர் போல வெள்ளைத் தலை முளைத்தால், இனி தீயின் ஆட்சி.

இந்த மேகம் முற்றினால் முழு இடிமேகம். பைரோகியுமுலோநிம்பஸ் என்று நீட்டி முழக்கிப் பெயர். மேகம் வந்தால் மழை வரும், தீ அணையும் என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். புகைத்துகள்கள் எண்ணிலடங்காதவை, ஒவ்வொன்றும் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்வதால், விழும் அளவுக்குத் துளிகள் பெருப்பதில்லை. தப்பி விழுவதும் கீழுள்ள வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். அப்போது குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று தரையில் இறங்கிச் சிதறும். அதுவரை ஒரே திசையில் ஓடிய தீ பல பக்கமும் பாயும். காற்றின் போக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

மழை பொய்த்தாலும் மின்னல் பொய்ப்பதில்லை. உச்சியில் பனித்துகள்கள் மோதி உரசி மின்னூட்டம் சேர்கிறது. 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 'கருப்புச் சனிக்கிழமை' என்று இன்றும் பேசப்படும் நாளில், தீ எழுப்பிய மேகங்கள் மின்னலையும் பொழிந்தன. அவற்றில் ஒன்று, தாய்த்தீயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, அதுவரை எரியாத காட்டில் புதிதாக ஒரு தீயைப் பற்றவைத்தது.