கொழுந்து கூடியது மாத்திரையாலா, மழையாலா?

1979ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நான்கே பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாளில் அவர்கள் பறிக்கும் கொழுந்தின் அளவை ஒப்பிட்ட ஆய்வு அது. கலிபோர்னியாவைச் சேர்ந்த எட்ஜர்ட்டன் முதல் பெயராகவும், பேராதனை மருத்துவபீடத்தில் பணியாற்றிய பிரையன் செனவிரத்ன கடைசிப் பெயராகவும் இருந்த அந்தக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஐந்து பேர். இரத்தச்சோகைக்கும் உடலுழைப்புக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறவர்கள் அதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இப்படியொரு கட்டுரை ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பல்கலைக்கழகம் போன ஒரு மாணவியின் கைக்கு ஒப்படையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அம்மாவோ அம்மாயியோ கொழுந்தெடுத்தவராக இருக்கலாம். கட்டுரை சொல்லும் உலகம் அவளுக்குப் புதிதில்லை. ஆனாலும் பெரும்பாலும் நடப்பது என்ன? முகப்பிலுள்ள சுருக்கத்தை வரிக்கு வரி தமிழாக்கி, “இரும்புச்சத்து கொடுத்தால் கொழுந்து கூடும்” என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள், அதை அறிய என்ன செய்தார்கள், கையில் என்ன கிடைத்தது, எதுவரைக்கும் அது பொருந்தும் என்கிறார்கள் என்பவையே அவை. கூற்று, முறை, சான்று, வரம்பு என்று தாளில் நான்கு பத்திகள் கீறிக்கொண்டு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் எழுதினால், கட்டுரையின் பலமும் பலவீனமும் தாமாகவே தெரியவரும்.

முதலில் கூற்று. இந்தக் கட்டுரையில் கூற்று ஒன்றல்ல, மூன்று. இரும்புச்சத்தால் ஹீமோகுளோபின் கூடியபோது ஒரு மாதத்தின் பின் கூடுதலான கொழுந்து பறிக்கப்பட்டது என்பது முதலாவது. சோகை கடுமையாக இருந்தவர்களிடம், அதாவது ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரையே ஹீமோகுளோபின் உள்ளவர்களிடம், முன்னேற்றம் அதிகமாக இருந்தது என்பது இரண்டாவது. வேலை உற்பத்தி கூடுவதன் பொருளாதாரப் பயன், குறிப்பாக வளர்ந்துவரும் நாடுகளில், தெளிவானது என்பது மூன்றாவது.

முதல் இரண்டும் அளந்து பார்த்துச் சொன்னவை. மூன்றாவது அந்த அளவீட்டிலிருந்து ஊகித்துச் சொன்னது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த இடைவெளி சட்டென்று புரியும். நிர்ணயித்த கிலோவை எட்டினால்தான் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர், அதற்கு மேல் எடுத்தால் மேலதிகக் கிலோவுக்குக் காசு என்ற கணக்கில், பறித்த கொழுந்து சற்றுக் கூடினாலும் கையில் வரும் சம்பளம் மாறாமலே இருக்கலாம். எட்டாத எல்லையை எட்டவைத்தால் பெரிதாக மாறவும் கூடும். கூடையின் எடையும் சம்பளமும் ஒன்றல்ல. ஆகவே முதல் பத்தியில் மூன்று கூற்றுகளையும் எழுதி, மூன்றாவதன் பக்கத்தில் “ஊகம்” என்று குறித்துக்கொள்வதே சரியான வாசிப்பு.

முறை என்ற பத்தியில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு மாதம் கழித்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்திருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் கொழுந்தின் அளவு பறிப்பவரின் கையை மட்டும் பொறுத்ததல்ல. மழையும் வெயிலும் மாறிமாறி வந்தால் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும்; ஏப்ரல், மே மாதங்களில் கூடைகள் சீக்கிரம் நிறையும். வரட்சியில் அதே கை அதே மலையில் பாதிகூட எடுக்காது. கவ்வாத்து வெட்டி எத்தனை வருடமான மலை, போன முறை பறித்து எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம் நிறுவையில் சேர்ந்தே வருகின்றன. மார்ச்சில் மாத்திரை கொடுத்து ஏப்ரலில் எடை பார்த்தால், மாத்திரையே இல்லாமலும் எடை கூடியிருக்கும்.

இதைத் தாண்டத்தான் ஆய்வாளர்கள் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்தும் மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மழை, ஒரே பருவம். முன்னைக்கும் பின்னைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சாராரிடம் மட்டும் பார்க்காமல், இரு சாராரின் வித்தியாசங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பருவத்தின் பங்கு இரண்டிலும் சமமாகிக் கழிந்துபோகிறது. எஞ்சுவதை மாத்திரையின் பங்கு எனலாம். இன்னொன்றும் செய்தார்கள். சோகையுள்ளவர்களின் அன்றாட உடலசைவை 24 மணிநேரமும் தொடர்ச்சியாகப் பதிவுசெய்தார்கள். மூன்று வாரங்களின் பின் இரும்புச்சத்து பெற்றவர்களின் அசைவு, அவர்களுக்கு இணையாகத் தெரிந்தெடுத்த போலி மாத்திரைக்காரர்களின் அசைவைவிடக் கூடுதலாக இருந்தது.

“இணையாகத் தெரிந்தெடுத்த” என்ற சொற்களின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். ஒருவருக்கு இணையான இன்னொருவரைத் தேடிச் சேர்க்கும்போது, ஆய்வாளர் கவனித்த தன்மைகளில்தான் இருவரும் ஒத்திருப்பார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் எழுந்தமானமாகப் பிரித்தால், கவனிக்காத தன்மைகளும் இருபக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவும். எந்த அளவீட்டுக்கு எப்படிப் பிரித்தார்கள் என்பதைச் சுருக்கத்தில் தேடக்கூடாது. உள்ளே முறையியல் பகுதியில்தான் தேட வேண்டும்.

அடுத்தது சான்று. இங்கே மிக நுட்பமான ஓர் இடம் உண்டு. ஹீமோகுளோபின் இரும்புச்சத்தால் கூடியபோது, கூடாதபோதைவிட அதிகக் கொழுந்து பறிக்கப்பட்டது என்ற பொருளில் சுருக்கம் பேசுகிறது. அப்படியென்றால் ஒப்பிடப்பட்டவர்கள் யார்? மாத்திரை பெற்ற எல்லோரும் ஒரு பக்கம், பெறாத எல்லோரும் மறுபக்கமா? அல்லது மாத்திரை பெற்று ஹீமோகுளோபின் உண்மையிலேயே ஏறியவர்கள் மட்டும் ஒரு பக்கமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதலாவது, மாத்திரை கொடுத்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு விடை. இரண்டாவது, உடம்பில் இரத்தம் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு விடை. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர், வயிற்றில் கொக்கிப்புழு இல்லாதவர், வீட்டில் சாப்பாடு சற்று நன்றாயிருந்தவர் ஆகியோருக்குத்தான் இரத்தம் எளிதில் ஏறும். அவர்கள் வேலையிலும் முந்தியிருக்கலாம். அட்டவணையில் ஒவ்வொரு குழுவின் தலைப்பையும் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் எது எதுவெனத் தீர்மானிக்க முடியும்.

சான்றுப் பத்தியில் எழுத வேண்டிய இன்னொன்று கிலோ. சுருக்கத்தில் “குறிப்பிடத்தக்க அளவு” என்று வருவது புள்ளியியலின் சொல். அந்த வித்தியாசம் தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்புக் குறைவு என்பதே அதன் பொருள். வித்தியாசம் பெரியது என்பதல்ல. ஒரு நாளைக்கு எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோவானது, போலி மாத்திரைக்காரருக்கு அது எவ்வளவு மாறியது என்ற நான்கு எண்களையும் அட்டவணையிலிருந்து எடுத்து எழுதாதவரை அந்தப் பத்தி நிறைவடையாது.

வரம்பு என்ற பத்தியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இன்றைய கட்டுரைகளில் அதற்கெனத் தனித் தலைப்பே இருக்கும். அந்தக் காலத்துக் கட்டுரைகளில் அப்படித் தலைப்பு இருப்பது அரிது. வரம்புகள் வாக்கியங்களுக்குள் ஒளிந்திருக்கும். “ஒரு மாதத்தின் பின்” என்பது ஒரு வரம்பு: ஒரு வருடம் கழித்து என்னவாகும் என்று கட்டுரை பேசவில்லை. “கடுமையான சோகை உள்ளவர்களிடம் அதிகம்” என்பதும் ஒரு வரம்பு: இலேசான சோகையுள்ளவருக்கு அதே பலனை எதிர்பார்க்கக்கூடாது. இவை ஆசிரியர்களே சொன்னவை. கிலோவும் சம்பளமும் ஒன்றல்ல என்பதோ வாசகியின் கண்டுபிடிப்பு. அதை நான்காம் பத்தியில் எழுதினால், ஆசிரியர்கள் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். அதற்குத் தாளின் ஓரத்தில் வேறோர் இடம் ஒதுக்கவேண்டும்.

இப்படிப் பிரித்து எழுதிய தாளின் பயன், இரண்டாவது கட்டுரை கைக்கு வரும்போது தெரியும். 2001ஆம் ஆண்டு கில்கன், மாசி டெய்லர், ரொசெட்டா ஆகிய மூவரும் வங்கதேசத்தின் வடகிழக்கிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். முழுநேரமாகக் கொழுந்தெடுக்கும் 553 பெண்களை எழுந்தமானமாக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் இரும்புச்சத்து. ஒரு குழுவுக்குத் தொடக்கத்திலும் 12ஆம் வாரத்திலும் பூச்சி மருந்து. ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை. 24 வாரங்கள் பார்த்தும் நான்கு குழுக்களின் வேலை உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவுமில்லை.

சுருக்கத்தை மட்டும் வாசித்தவர் 1979இன் முடிவு பொய்த்துவிட்டது என்பார். நான்கு பத்திகளையும் பக்கத்தில் வைப்பவர் அவசரப்பட மாட்டார். அங்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது கடும் சோகையாளரிடம். இங்கே குழுக்களில் இருந்தவர்கள் தோட்டத்தின் முழுநேரக் கொழுந்துக்காரிகள். அங்கே முடிவு ஒரு மாதத்துக்குரியது. இங்கே ஏறக்குறைய ஆறு மாதத்துக்குரியது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் இரண்டாவது ஆய்வு சேர்க்கவில்லை. இரும்புச்சத்து மிகவும் தேவைப்படும் பெண்கள் அந்த முடிவுக்கு வெளியே நிற்கிறார்கள். யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கவில்லை என்ற வரியே ஆசிரியர்கள் வெளிப்படையாகச் சொல்லும் முதல் வரம்பு.

அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. ஹீமோகுளோபின் குறைந்த பெண்கள் குறைவாகப் பறித்தார்கள். சுகமில்லாமல் வேலைக்கு வராத நாட்களும் அவர்களுக்கே அதிகம். அப்படியானால் மாத்திரை ஏன் உற்பத்தியைக் கூட்டவில்லை? இரண்டு கண்டுபிடிப்புகளும் இரண்டு முறைகளிலிருந்து வந்தவை. மாத்திரை பற்றியது சோதனை. சோகையும் குறைந்த கொழுந்தும் சேர்ந்தே வருகின்றன என்பது அவதானிப்பு. எது எதற்குக் காரணம் என்று அது சொல்லாது. உயரமான, கைச்சுற்றளவு கூடிய பெண்கள் அதிகம் பறித்தார்கள் என்றும் அங்கே பதிவாகியிருக்கிறது. சிறுவயதுச் சாப்பாட்டில் உருவான உடம்பை 24 வார மாத்திரை மாற்றாது. ஒரே பஞ்சம் இரத்தத்தையும் உடம்பையும் சேர்த்தே குறைத்திருக்கலாம். சான்றுப் பத்தியில் சோதனையையும் அவதானிப்பையும் தனித்தனி வரிகளில் எழுதியவருக்கே இந்தச் சாத்தியம் புலப்படும்.

இந்த இரண்டு கட்டுரைகளையும் நுவரெலியாவுக்குப் பொருத்திப் பார்க்க விரும்பும் மாணவி, ஓரத்தில் இரண்டு குறிப்புகள் எழுதலாம். 1979இன் கட்டுரை டெசிலீட்டருக்குக் கிராமில் பேசுகிறது. 2001இன் கட்டுரை லீட்டருக்குக் கிராமில் பேசுகிறது. அதில் சோகையின் எல்லையாக வரும் 120, முந்தியதன் கணக்கில் 12. இரண்டாவது குறிப்பு உயரம் பற்றியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவதால் உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கேற்ப ஒரு தொகையைக் கழித்தபின் சோகையைத் தீர்மானிக்கச் சொல்கிறது. தாழ்நிலத்தில் 12 என்று வரும் அளவு சோகையில்லை என்று காட்டலாம். நுவரெலியாவில் அதே 12 வந்தால், கழித்துப் பார்க்கும்போது அந்தப் பெண் சோகைக்காரர்களின் பட்டியலில் சேர்வாள்.