பல்லவியில் அமுங்கி, சரணத்தில் எகிறும் குரல்

வீட்டு ஸ்டுடியோவில் பதிவான பாடல்களில் அடிக்கடி காதில் படும் குறை ஒன்று உண்டு. பல்லவி கீழ் சுரங்களில் மென்மையாகத் தொடங்கும்போது வார்த்தைகள் சரியாகக் கேட்காது, கேட்பவர் வால்யூமைக் கூட்டுவார். இடையிசை முடிந்து சரணம் மேல் ஸ்தாயிக்கு ஏறியதும் அதே கை வால்யூமைக் குறைக்கப் போகும். பாடியவர் மேல் தவறில்லை. தாழ்ந்த சுரத்தில் குரல் அடங்குவதும், உச்சத்தில் தொண்டை திறந்து சத்தம் கூடுவதும் இயல்பு. அந்த வித்தியாசத்தைச் சமன் செய்வது மிக்ஸிங் செய்பவரின் பொறுப்பு.

கணினி வருவதற்கு முன் இதைக் கையால்தான் செய்தார்கள். பாட்டு ஓடும்போதே ஒருவர் குரலுக்கான ஃபேடரில் விரல் வைத்து, வரிக்கு வரி ஏற்றி இறக்குவார். ஓரிடத்தில் பிசகினால் திரும்பவும் செய்ய வேண்டும். 1970களின் பிற்பகுதியில் நீவ் நிறுவனத்தின் நெகாம் என்ற அமைப்பு லண்டன் ஏர் ஸ்டுடியோவுக்கு வந்தது. அது விரலின் அசைவைப் பதிவுசெய்துகொண்டு, அடுத்த முறை மோட்டாரால் ஃபேடர்களைத் தானே நகர்த்தியது. இன்றைய ஒலிப்பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இருக்கும் ஆட்டோமேஷன் அந்த வேலையைத்தான் செய்கிறது. ட்ராக்கின் மேல் ஒரு கோடு ஓடும். கோடு ஏறினால் ஒலி கூடும், இறங்கினால் குறையும்.

ஆனால் குரலை மட்டப்படுத்த வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது இந்தக் கோட்டை அல்ல, கம்ப்ரெஸரை. குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒலியை அமுக்கும் கருவி அது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரின் உச்சி பூஜ்யம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். ஒரு பாடலில் பல்லவியின் குரல் சராசரியாக -24 டெசிபலிலும், சரணத்தின் குரல் -15 டெசிபலிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 9 டெசிபல். கம்ப்ரெஸரின் எல்லையை -22ல் வைத்து, விகிதத்தை நாலுக்கு ஒன்று என்று அமைத்தால், எல்லையைத் தாண்டும் ஒலியில் நாலில் ஒரு பங்குதான் வெளியே வரும். பல்லவி எல்லையைத் தொடவே இல்லை, அதனால் அப்படியே போகும். சரணம் 7 டெசிபல் தாண்டுகிறது, அதில் 5 டெசிபலுக்கு மேல் அமுங்கிவிடும். வித்தியாசம் நாலு டெசிபலுக்கும் கீழே வந்துவிட்டது என்று மீட்டர் சொல்லும். காது வேறு சொல்லும்: பல்லவியில் ஒரு குரல், சரணத்தில் நெரிபட்ட இன்னொரு குரல். சொற்களின் தொடக்க வல்லினங்கள் மழுங்கி, மூச்சிழுக்கும் சத்தம் முன்னால் வந்து நிற்கும்.

இப்போது அதே பாடலில் கம்ப்ரெஸருக்குள் நுழைவதற்கு முன்பே கோட்டால் பல்லவியை 4 டெசிபல் ஏற்றி, சரணத்தை 3 டெசிபல் இறக்கினால் என்ன ஆகும்? ஒன்று -20, மற்றது -18. கம்ப்ரெஸரின் அமைப்பு எதையும் மாற்ற வேண்டாம். பல்லவியில் ஒன்றரை, சரணத்தில் மூன்று டெசிபல்தான் அது அமுக்கும். வெளியே வரும்போது வித்தியாசம் அரை டெசிபல். பாட்டு முழுக்கக் குரலின் தன்மை மாறாது. நிஜக் குரல் நொடிக்கு நொடி அசைவதால் எண்கள் இவ்வளவு துல்லியமாக நிற்காது, ஆனால் போக்கு இதுதான்.

ஆக, கோடு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். ரீப்பர் என்ற மென்பொருளில் ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து `V` விசையை அழுத்தினால் வரும் வால்யூம் கோடு, கம்ப்ரெஸர் உள்ளிட்ட எல்லா எஃபெக்டுகளுக்கும் பிறகு செயல்படுவது. முன்னால் செயல்படும் கோடு தனியாக இருக்கிறது. என்வலப் பட்டியலில் `Volume (Pre-FX)` என்பதை எடுக்க வேண்டும். ப்ரோ டூல்ஸில் இதே வேலைக்கு கிளிப் கெயின் உண்டு.

இந்த முதல் சுற்றில் பொறுமை வேண்டும். வரி வரியாகப் போய், பிறகு சொல் சொல்லாகப் பார்க்க வேண்டும். தமிழில் கவனிக்க வேண்டிய இடம் சொல்லின் கடைசி. ‘காற்று’, ‘பாட்டு’ போன்ற சொற்களில் இறுதி உகரம் இயல்பிலேயே குறுகி ஒலிப்பது, கீழ் சுரத்தில் பாடினால் தபலாவுக்கு அடியில் காணாமலே போய்விடும். அந்த ஓர் அசையை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் போதும், சொல் முழுதாகிவிடும். கோடு ஏறும் இடம் மூச்சு விடும் இடைவெளியிலோ ஒரு மெய்யெழுத்தின் மேலோ அமைய வேண்டும். நீண்ட ‘ஆ’வின் நடுவே ஏற்றினால் குரல் திடீரென வீங்குவது அப்பட்டமாகத் தெரியும். அறையின் ஃபேன் சத்தமும் கூடவே ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. வரி முடிந்ததும் கோட்டை இறக்கிவிட வேண்டும்.

மட்டமாகிவிட்டதா? மீட்டரில் ஆகியிருக்கும். ஆனால் சரணத்தில் வயலின்களும் ட்ரம்ஸும் சேர்ந்ததும், அளவு குறையாத குரலே பின்வாங்கியதுபோல் கேட்கும். வாத்தியங்கள் அதை மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் ஒலிப்பதற்கு எதிரில் குரல் எங்கே நிற்கிறது என்பதைத்தான் காது அளக்கிறது. இந்த இரண்டாவது சுற்று கம்ப்ரெஸருக்குப் பிந்தைய கோட்டுக்கு உரியது. முன்னால் உள்ள கோட்டில் ஏற்றினால், ஏற்றியதில் பெரும்பங்கைக் கம்ப்ரெஸர் திரும்ப அமுக்கிவிடும். வாத்தியங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு டெசிபல், மிஞ்சினால் ஒன்றரை ஏற்றினால் போதும்.

எஃபெக்டுகளும் குரலின் மட்டத்தில் கை வைக்கும். பல்லவியில் அழகாக இருந்த அதே ரிவெர்ப், சரணத்தின் அடர்த்தியில் குரலைத் தூரத்துக்குத் தள்ளிவிடும். அங்கே ரிவெர்புக்குக் குரலை அனுப்பும் சென்ட் அளவை 3 டெசிபல் குறைத்தால், குரலின் வால்யூமைத் தொடாமலே அது முன்னுக்கு வரும். உச்ச சுரங்களில் காதைக் குத்தும் கூர்மை இருந்தால், ஈக்யூவில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தை அந்த வரிகளுக்கு மட்டும் 2 டெசிபல் இறக்கலாம். எஃபெக்டின் எந்தத் திருகுக்கும் இப்படி ஒரு கோடு போட முடியும்.

இடையிசைக்கு முந்தைய கடைசிச் சொல் எதிரொலித்துக்கொண்டே மறைய வேண்டும் என்றால், டிலேவுக்குப் போகும் சென்டை அந்தச் சொல்லுக்கு மட்டும் திறந்து மூட வேண்டும். சிலர் டிலே ட்ராக்கின் வால்யூமையே ஏற்றி இறக்குவார்கள். அப்போது எதிரொலியின் வால் பாதியில் அறுந்துவிடும். சென்டை மூடினால் உள்ளே போவது மட்டுமே நிற்கும், ஏற்கெனவே போனது தன் போக்கில் ஒலித்து அடங்கும்.

கோடெல்லாம் போட்ட பிறகு, குரல் மொத்தமாக ஒரு டெசிபல் கூடினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். ஃபேடரைத் தள்ளினால் அது பழைய இடத்துக்கே ஓடிவிடும், ஏனென்றால் ட்ராக் `Read` நிலையில் கோட்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. ரீப்பரில் அதை `Trim/Read` நிலைக்கு மாற்றினால், கோட்டின் வடிவம் அப்படியே இருக்க, ஃபேடர் மொத்த அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். `Write` நிலையில் விட்டுவிட்டு ப்ளே பண்ணினால்தான் ஆபத்து. பாட்டு ஓடும் தூரம் வரை, போட்ட கோடெல்லாம் அழிந்து ஃபேடர் இருக்கும் இடத்தில் நேர்கோடாகிவிடும்.

சரிபார்க்க ஸ்பீக்கரை மிகவும் குறைத்து, வாத்தியங்கள் அரைகுறையாகக் கேட்கும் நிலையில், திரையைப் பார்க்காமல் பாட்டை முழுக்க ஓட்ட வேண்டும். எந்தச் சொல் காணாமல் போகிறதோ, எது மட்டும் துருத்திக்கொண்டு வருகிறதோ, அதைப் பாடல் வரிகள் எழுதிய தாளில் வட்டமிட்டுக்கொண்டே போகலாம். பாட்டு முடிந்த பிறகு கோட்டுக்குத் திரும்பி, வட்டமிட்ட சொற்களை மட்டும் தொட்டால் போதும்.