மடை திறந்து பார்த்தால் தெரியும்

"மாமா, இந்த லெவல்ல கீழ இறங்குற படிக்கட்டே இல்ல" என்றான் அக்கா மகன்.

விடுமுறைக்கு வந்திருந்தவனிடம், நான் ஓய்வு நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த நிலவறை விளையாட்டைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறைகளையும் பாதைகளையும் புரோகிராமே புதிதாகப் போட்டுக் கொடுக்கும் வகை அது. "நல்லாத் தேடிப் பாருடா" என்றேன். அரைமணி நேரம் தேடிவிட்டு மடிக்கணினியை என் பக்கம் தள்ளினான். முழு வரைபடத்தையும் திறந்து பார்த்தேன். படிக்கட்டு இருந்தது. அது இருந்த அறைக்குத்தான் வழி இல்லை.

இந்த வகை விளையாட்டுக்குப் பெயர் கொடுத்ததே 1980-இல் வந்த 'ரோக்'. மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு கலிஃபோர்னியா மாணவர்கள் தொடங்கியது. பிறகு கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். எழுத்துகள் மட்டுமே தெரியும் திரையை அவர்கள் மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் அதிகபட்சம் ஓர் அறை வைத்தார்கள். இணைப்பதற்கு ஒரு கட்டுப்பாடான முறை இருந்தது. ஏதாவது ஓர் இடத்தில் தொடங்கி, இன்னும் இணைக்கப்படாத பக்கத்து இடம் ஒன்றுக்குப் பாதை போட வேண்டும். அதையும் இணைந்தவற்றின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஒன்றுகூட மிச்சமில்லாத வரை தொடர வேண்டும். அதன் பிறகுதான் அலங்காரத்துக்குச் சில கூடுதல் பாதைகள்.

நானும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்திருந்தேன். என் புரோகிராமின் பட்டியலைத் திறந்து பார்த்தால் எல்லா அறைகளுக்கும் நேராக 'இணைந்தது' என்று குறித்திருந்தது. பட்டியல் ஒன்று சொல்ல, தரை வேறொன்று சொன்னது. பத்திரத்தில் பாதை இருக்கும், நிலத்தில் இருக்காது என்பார்களே, அந்தக் கதை.

1987-இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் 'நெட்ஹேக்' விளையாட்டிலும் இந்த விரிசல் உண்டு. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம். எந்த அறை எந்தக் கூட்டத்தோடு சேர்ந்திருக்கிறது என்ற கணக்கை `smeq` என்ற பட்டியலில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த அறைகளை `join` என்ற செயலால் இணைத்துக்கொண்டே போகிறது. ஆனால் பாதை தோண்டும்போது நடுவில் வேறு எதிலாவது முட்டினாலோ, 500 அடி தாண்டியும் போய்ச் சேராவிட்டாலோ `join` சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். எல்லாம் முடிந்தபின் தரையை ஒருமுறை நடந்து பார்க்கும் வேலை அங்கே இல்லை. அதனால் என்றாவது ஒருநாள் துண்டுபட்ட லெவல் அமைந்துவிடலாம். நெட்ஹேக்கில் சுவரைக் குடையக் கடப்பாரை, இடம்விட்டு இடம் தாவ மந்திரம் என்று பலதும் கிடைப்பதால் ஆடுபவர் எப்படியோ தப்பித்துக்கொள்கிறார். என் விளையாட்டில் கடப்பாரை கிடையாது.

அக்கா மகன் மாட்டிக்கொண்ட லெவலைச் சுருக்கி வரைந்தால் இப்படி இருக்கும். `#` சுவர், `.` தரை, `@` ஆடுபவர், `>` படிக்கட்டு.

```
##################
#....#####....####
#.@...........####
#....#####....####
###########.######
##.....####.######
##..>......#######
##.....###########
##################
```

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இடது அறையிலிருந்து வலது அறைக்குப் பாதை. அங்கிருந்து கீழே இறங்கி, திரும்பி, படிக்கட்டு அறைக்குப் பாதை. ஆனால் அந்தத் திரும்பும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் கட்டமும் கீழே இடப்பக்கம் போகும் கட்டமும் மூலையோடு மூலைதான் தொடுகின்றன. என் விளையாட்டில் ஆள் நான்கு திசைகளில் மட்டுமே நகர்வான். மூலைவாக்கில் நகர மாட்டான். தோண்டும் பகுதியை எழுதும்போது அந்த விதி எனக்கு நினைவில் இல்லை.

இதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் செய்வதைச் செய்தால் போதும். மடையைத் திறந்துவிட்டு எந்தப் பாத்தி நனையவில்லை என்று பார்ப்பார். வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். புரோகிராம் எழுதுகிறவர்களும் இதற்கு 'ஃபிளட் ஃபில்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் நிற்கும் கட்டத்தை 'நனைந்தது' என்று குறித்து ஒரு வரிசையில் போட வேண்டும். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதன் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். தரையாக இருந்து இன்னும் நனையாமல் இருந்தால் அதையும் குறித்து வரிசையின் கடைசியில் சேர்க்க வேண்டும். வரிசை காலியானால் தண்ணீர் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மேலே உள்ள படத்தில் தரைக் கட்டங்கள் மொத்தம் 50. தண்ணீர் விட்டால் இடது அறையில் 12, பாதையில் 5, வலது அறையில் 12, கீழே இறங்கும் துண்டில் 2 என்று 31 கட்டங்கள் நனைகின்றன. மிச்சம் 19 காய்ந்து கிடக்கின்றன, படிக்கட்டும் அவற்றில் ஒன்று. இதே சோதனையை மூலைவாக்கிலும் தண்ணீர் கசியும்படி எழுதியிருந்தால் 50-உம் நனைந்திருக்கும், சோதனை 'எல்லாம் சரி' என்று சொல்லியிருக்கும், பையன் மட்டும் மாட்டிக்கொண்டிருப்பான். ஆள் எப்படி நகர்வானோ அப்படியே தண்ணீரும் ஓட வேண்டும். அதனால் நகர்வுக்கு ஒரு விதி, சோதனைக்கு ஒரு விதி என்று தனித்தனியாக எழுதாமல், 'இங்கிருந்து அங்கே போகலாமா' என்ற ஒரே செயலை இரண்டும் கேட்கும்படி மாற்றினேன். வேகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. 80-க்கு 24 திரை என்றாலும் 1920 கட்டங்கள்தான். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வரிசைக்குள் வரும்.

காய்ந்த பாத்தியைக் கண்டுபிடித்தபின் என்ன செய்வது? லெவலையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடச் சொல்வது சுலபம். ஆனால் எத்தனை முறை தூக்கிப் போடுகிறது என்று எண்ணாவிட்டால், பத்துக்கு ஒன்பது லெவலைக் கெடுக்கும் புரோகிராம்கூட நல்ல பிள்ளையாகத் தெரியும். இன்னொரு வழி, நனைந்த கட்டங்களுக்கும் காய்ந்த கட்டங்களுக்கும் நடுவே மிக நெருங்கிய ஜோடியைத் தேடி, இடையில் இருப்பதைத் தோண்டுவது. நம் படத்தில் அந்தத் திருப்பத்தில் ஒரே ஒரு சுவர்க் கட்டத்தை எடுத்தால் தீர்ந்தது. தோண்டியபின் மறுபடி தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். குகை மாதிரி லெவல்களில் நாலைந்து கட்டங்கள் கொண்ட பொந்துகள் நிறைய விழும். அவற்றுக்கெல்லாம் பாதை வெட்டாமல் மண்ணைப் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம்.

நான் தோண்டும் வழியை எடுத்துக்கொண்டேன். கூடவே, ஒவ்வொரு லெவலும் எந்த எண்ணிலிருந்து பிறந்தது என்பதையும் எழுதி வைத்தேன். இதைச் சீட் எண் என்பார்கள். அதே எண்ணைக் கொடுத்தால் அதே லெவல் திரும்ப வரும். இரவு முழுக்கப் பத்தாயிரம் லெவல்களை ஓடவிட்டால், கெட்டவற்றின் எண்கள் காலையில் கைக்கு வந்துவிடும். கையால் நூறு முறை ஆடிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. 500 லெவலில் ஒன்று கெடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் அது கண்ணில் படாமலே போகலாம். ஆனால் ரோக் போல 26 லெவல் இறங்க வேண்டிய விளையாட்டில், ஏறக்குறைய 20 ஆட்டத்துக்கு ஒன்று அதில் போய் முட்டும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டான். இந்தமுறை பாதை இருந்தது, நடுவில் ஒரு கல்தூண் நின்றது. அறை, பாதை எல்லாம் முடிந்ததும் சோதித்துவிட்டு, அதன் பிறகுதான் தூண்களையும் குளங்களையும் அங்கங்கே தூவிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கட்ட அகலப் பாதையில் ஒரு தூண் விழுந்தால் கதை முடிந்தது. சோதனையை எல்லாவற்றுக்கும் கடைசியில் நகர்த்தினேன்.

அதோடு பூட்டிய கதவுகளும் வந்து சேர்ந்தன. கதவைச் சுவராக நினைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் காய்ந்தே கிடக்கும். திறந்ததாக நினைத்தால், தன் சாவியையே உள்ளே வைத்துப் பூட்டிய அறைகூடச் சரியென்று ஆகிவிடும். எனவே முதலில் பூட்டிய கதவு வரை தண்ணீர் விட்டு, நனைந்த இடத்தில் என்னென்ன சாவிகள் கிடக்கின்றன என்று பொறுக்க வேண்டும். அவற்றால் திறக்கும் கதவுகளைத் திறந்து மேலும் பாய விட வேண்டும். புதிதாக எதுவும் நனையாதபோது நிறுத்திப் பார்த்தால், சிவப்புச் சாவி நீலக் கதவுக்குள்ளும் நீலச் சாவி சிவப்புக் கதவுக்குள்ளும் கிடப்பது போன்ற வேடிக்கைகள் பிடிபடும். ஒரு சாவி ஒரு கதவை மட்டும் திறந்து, அதோடு தீர்ந்துவிடும் விளையாட்டுக்கு இது போதாது. எந்தக் கதவில் சாவியைச் செலவழிக்கிறார் என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும்.

எல்லா அறையும் நனைந்தே ஆக வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. டெரெக் யூ 2008-இல் வெளியிட்ட 'ஸ்பெலங்கி'யில் ஒரு லெவல் நாலுக்கு நாலாக 16 அறைகள். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒரு நடைவழியை முதலில் உருவாக்கிவிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை உருட்டும். ஒன்றோ இரண்டோ வந்தால் இடது, மூன்றோ நான்கோ வந்தால் வலது, ஐந்து வந்தால் கீழே. அந்த வழியில் வரும் அறைகளுக்கு மட்டுமே திறப்பு உறுதி. மற்ற அறைகள் அடைபட்டுக் கிடந்தாலும் கிடக்கலாம். ஆடுபவரின் பையில் நான்கு வெடிகுண்டும் நான்கு கயிறும் இருக்கின்றன. வேண்டுமென்றால் உடைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நெட்ஹேக்கிலோ வேண்டுமென்றே கதவில்லாமல் கட்டிய இரண்டுக்கு இரண்டு பெட்டக அறை உண்டு, உள்ளே தங்கக் காசு. ஆசைப்பட்டு நானும் அப்படி ஒன்று வைத்தேன். என் சோதனை அதைக் காய்ந்த பாத்தி என்று நினைத்து நேராகப் பாதை வெட்டிக் கொடுத்துவிட்டது. பெட்டகத்துக்கு 'தொடாதே' என்று ஓர் அடையாளம் வைத்து, உள்ளே போக ஒரு மந்திரப் பொறியும் வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பையன் உற்சாகமாகக் கூப்பிட்டான். "மாமா, தங்கம் எடுத்துட்டேன்!"

"சபாஷ்டா."

"வெளிய வர்றது எப்படி மாமா?"

நெட்ஹேக்கில் பெட்டகத்துக்குள் மாட்டிக்கொண்டால் சற்று நேரத்தில் ஒரு காவலாளி சுவரைத் திறந்துகொண்டு வந்து, யார் நீ என்று விசாரிப்பான். தங்கத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பின்னால் நடந்தால் வெளியே வந்துவிடலாம். நான் காவலாளியை எழுதவில்லை. தண்ணீரை உள்ளே பாய விட்டுப் பார்த்தேனே தவிர, அங்கிருந்து படிக்கட்டுக்குத் திரும்ப ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. சீட் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.