சம்பள நாளில் மூன்று டிக்

பட்ஜெட் பற்றிய நீண்ட கட்டுரையைப் படித்தும் கடைப்பிடிக்க முடியலையா? அதில் தேதியும் தொகையும் போட முடிந்ததை மட்டும் போனில் குறிச்சுக்கோங்க. கைக்கு வரும் சம்பளம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம்.

1. சம்பள நாளன்றே வீட்டுக்கடன் தவணை ரூ.18,000, சேமிப்பு ரூ.3,500 எடுத்துவையுங்கள்.

2. மாதாமாதம் வராத செலவுகள்தான் பட்ஜெட்டைக் கவிழ்ப்பவை. இரண்டு மாதக் கரண்ட் பில் ரூ.2,400, அரையாண்டுச் சொத்து வரி ரூ.1,800, ஆண்டுப் பள்ளிக் கட்டணம் ரூ.36,000 என்றால், மாதப் பங்கு 1,200 + 300 + 3,000 = ரூ.4,500. இதைத் தனிக் கணக்குக்கு மாற்றிடுங்க.

3. மீதி ரூ.14,000. மாதம் சரியாக நான்கு வாரம் இல்லை. அதனால் ஐந்தாகப் பிரித்து, வாரம் ரூ.2,800 மட்டும் செலவழியுங்கள். ஐந்தாவது பங்கு கடைசி இரண்டு, மூன்று நாளுக்கு. 28-ஆம் தேதிக்கு முன்பே அதில் கை வைத்தால், எந்த வாரம் செலவு கூடியதுன்னு பார்த்துடுங்க.