எஃகுத் தகட்டை வெட்டுதலும் கசடு நீக்குதலும்

கப்பல் பட்டறையிலோ இரும்புச் சாமான் செய்யும் பட்டறையிலோ எஃகுத் தகட்டை எரிவாயுச் சுடரால் வெட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவர் கட்டிங் டார்ச்சைத் தகட்டின் மேல் பிடித்து நகர்த்திச் செல்ல, அடியில் தீப்பொறிகள் அருவிபோல் கொட்டுகின்றன. வெட்டு முடிந்ததும் தகட்டின் கீழ் விளிம்பில் கறுத்த கசடு மணிமணியாகத் தொங்குகிறது. கொல்லர்கள் சிட்டம் என்று சொல்லும் பொருளின் இனத்தைச் சேர்ந்ததே இதுவும். உளியால் ஒரு தட்டுத் தட்டியதும் சில தகடுகளில் அது உதிர்ந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் அரை மணி நேரம் போராடினாலும் போவதில்லை. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதையும், கசட்டை எப்படி நீக்குவது என்பதையும் இன்று காண்போம்.

முதலில், சுடர் எஃகை உருக்கி வெட்டுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ச்சின் நுனியில் நாசில் என்னும் செப்பு முனை இருக்கிறது. அதில் வட்டமாக அமைந்த சிறு துளைகளின் வழியே அசெட்டிலீனும் பிராணவாயுவும் கலந்து எரிகின்றன. இந்தச் சூடேற்றும் சுடரின் வேலை, எஃகை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குக் கொண்டுவருவதுதான். அந்த நிலையில் எஃகு பளிச்சென்று சிவந்திருக்கும். ஆனால் உருகியிருக்காது. அதன் பிறகு டார்ச்சின் நெம்புகோலை அழுத்தினால், நாசிலின் நடுத்துளையிலிருந்து தூய பிராணவாயு வேகமாகப் பாய்கிறது. சிவந்த இரும்பு அந்த வாயுவில் விறகைப்போல் எரியத் தொடங்குகிறது. எரிந்த இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. எஃகு உருகும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே இந்த ஆக்சைடு உருகிவிடுவதால், பாயும் வாயு அதை அடிப்பக்கமாக ஊதித் தள்ளிவிடுகிறது. அப்படி வழிந்தோடுவதே கசடு. அது ஓடிய வழியே வெட்டு.

துருப்பிடிக்காத எஃகு இந்த முறைக்கு இணங்காததற்குக் காரணமும் இதுவே. அதிலுள்ள குரோமியத்தின் ஆக்சைடு, எஃகு உருகும் வெப்பத்திலும் உருகாமல் கெட்டியாக நின்று, கீழே உள்ள உலோகத்தைப் பிராணவாயு தொடவிடாமல் மூடிக்கொள்கிறது. கசடு ஓடவில்லையென்றால் வெட்டும் இல்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 12 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண எஃகுத் தகட்டில் 400 மில்லிமீட்டர் நீளத்துக்கு நேராக ஒரு வெட்டு வேண்டும். அதில் கிடைக்கும் துண்டு, பிறகு வேறொரு தகட்டோடு வெல்டிங் செய்யப்பட இருக்கிறது.

தகட்டைச் சிமெண்டுத் தரையில் வைத்து வெட்டக்கூடாது. கொதிக்கும் கசடு பட்டதும் தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, சிமெண்டு வெடித்துத் தெறிக்கும். ஆகவே இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் தகட்டை வைத்து, வெட்டுக்கோட்டின் அடியில் இடைவெளி விடுகிறோம். கோட்டின் மேலுள்ள துரு, வண்ணப்பூச்சு, எண்ணெய் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுகிறோம். கோட்டைச் சாக்குக்கட்டியால் இட்டு, பஞ்சால் சிறு புள்ளிகளும் அடித்துக்கொள்வது நல்லது. சாக்குக்கோடு சூட்டில் மறையலாம், புள்ளி மறையாது. வெட்டு தானே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலத்தைத் தின்றுவிடும் என்பதால், வேண்டாத பக்கத்தில் டார்ச்சை ஓட்ட வேண்டும்.

இந்தக் கனத்துக்குரிய நாசிலையும், அதற்குரிய வாயு அழுத்தங்களையும், நாசில் செய்தவர் தரும் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். சுடரைப் பற்றவைத்து, நாசிலைச் சுற்றியுள்ள சிறு வெண்கூம்புகள் கூர்மையாகத் தெரியும்வரை சரிசெய்கிறோம். தகட்டின் ஓரத்தில், கூம்புகளின் நுனி தகட்டைத் தொடாமல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி டார்ச்சைப் பிடிக்கிறோம். ஓரம் நன்கு சிவந்ததும் நெம்புகோலை அழுத்துகிறோம். அடியில் பொறிகள் கொட்டத் தொடங்கியதும் நகர்கிறோம்.

எவ்வளவு வேகத்தில் நகர்வது? 12 மில்லிமீட்டர் தகட்டுக்குக் கைவெட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். அதாவது, நமது வெட்டுக்கு ஒரு நிமிடம் ஆகும். பழகும்போது கழிவுத் தகட்டில் இதே நீளத்தைக் கோடிட்டு, பக்கத்தில் ஒருவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்வது கைக்கு வேகத்தைக் கற்றுத்தரும் எளிய வழி. இப்படி மூன்று வெட்டுகளை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வெட்டு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மேல்விளிம்பு கூராக இருக்கிறது. வெட்டிய முகத்தில் மெல்லிய கோடுகள் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கி, அடியில் சற்றே பின்னோக்கிச் சாய்கின்றன. கீழ்விளிம்பில் கசடு கொஞ்சம்தான். அது பெரும்பாலும் எரிந்த ஆக்சைடாகவே இருப்பதால், ஆறியபின் எளிதில் நொறுங்கும். உளியைக் காட்டினாலே உதிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது வெட்டுக்கு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. நகர்வு மெதுவாக இருந்ததால் சூடு ஓரிடத்தில் தேங்கியது. மேல்விளிம்பு உருகி மழுங்கியிருக்கிறது. வெட்டு முகத்தின் கீழ்ப்பாதியில் குழிகள் விழுந்திருக்கின்றன. இங்கே எரியாத இரும்பும் உருகி ஆக்சைடோடு கலந்து வழிந்தது. அந்த இரும்பு கீழ்விளிம்பில் ஒட்டி உறையும்போது தகட்டோடு பற்றிக்கொள்கிறது. உளியை எதிர்க்கும் கசடு இதுதான். சூடேற்றும் சுடரை வேண்டியதைவிடப் பெரிதாக வைத்தாலும் இதே நிலைதான். மேல்விளிம்பில் உருகிய மணிகள் வரிசையாக நிற்பது அதற்கு அடையாளம்.

மூன்றாவது வெட்டு நாற்பது விநாடியில் முடிந்தது. முகத்தில் உள்ள கோடுகள் வில்லைப்போல் பின்னோக்கி வளைந்திருக்கின்றன. பிராணவாயு அடிவரை எரித்து முடிப்பதற்குள் டார்ச் நகர்ந்துவிட்டது. இன்னும் சற்று வேகம் கூடியிருந்தால் வெட்டு அடிவரை போகாமல் நின்றிருக்கும். அப்போது பொறிகள் கீழே போவதற்குப் பதிலாக மேலே எழும்பும். அதைக் கண்டவுடன் நெம்புகோலை விட்டுவிட்டு, நின்ற இடத்தை மறுபடி சூடேற்றித் தொடர வேண்டும்.

ஆகவே, ஒட்டிக்கொண்ட கசடு வெட்டில் ஏதோ பிசகியது என்று சொல்கிறது. எது பிசகியது என்பதை மேல்விளிம்பும் முகத்துக் கோடுகளும் சொல்கின்றன. வேகமும் சுடரும் சரியாக இருந்தும் கோணலான கசடு வந்தால், நாசிலின் நடுத்துளையில் பொறி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை சிறிது அடைபட்டாலும் பாய்ச்சல் கலைந்துவிடும். அதற்கென்று உள்ள ஊசியால், துளை அகன்றுவிடாதபடி நேராகச் செலுத்தித் துடைக்க வேண்டும். பெரிய சுத்தியலைத் தேடுவதற்கு முன் அடுத்த வெட்டைத் திருத்துவதே மேல்.

இனி, கசடு நீக்கும் முறை. வெட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கசடு மெழுகுபோல் இழுபடும், ஆறினால்தான் நொறுங்கும். தகட்டைப் புரட்டி, தட்டை உளியின் வாயைத் தகட்டின் அடிப்பரப்போடு படிய வைத்து, உள்ளிருந்து விளிம்பை நோக்கித் தள்ளித் தட்டுகிறோம். அப்படிச் செய்தால் கசடு வெளிப்பக்கமாகக் கழன்றுவிடும். உளியைச் செங்குத்தாக நிறுத்தி அடித்தால் தகட்டில்தான் வெட்டுக்காயம் விழும். பிறகு கம்பித் தூரிகை. அதற்கும் அசையாமல் பற்றி நிற்பவற்றுக்கு மட்டும் கிரைண்டர்.

நமது துண்டு வெல்டிங்குக்குப் போவதால் வேலை இதோடு முடியவில்லை. கசடு போன பின்னும் வெட்டு முகத்தின் மேல் நீலங்கலந்த கருநிறத்தில் மெல்லிய ஆக்சைடுத் தோல் இருக்கும். கசடோ இந்தத் தோலோ மிஞ்சியிருந்தால், வெல்டிங் உருகலில் அது சிக்கி, இணைப்புக்குள் பொத்தலாகவும் அழுக்காகவும் தங்கிவிடக்கூடும். வெளியே பார்க்க இணைப்பு நன்றாகவே இருக்கும்; பாரம் ஏறும்போதுதான் குறை தெரியும். ஆகையால் வெல்டிங் ஓடும் முகத்தைப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை கிரைண்டரால் தேய்க்க வேண்டும். வண்ணம் பூச இருக்கும் விளிம்பிலும் அந்தத் தோலை விடக்கூடாது. அது என்றைக்காவது உரியும்போது வண்ணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

கசடு தட்டும்போது கண் காயப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வெட்டும்போது அணிந்த கறுப்புக் கண்ணாடியில் உளிமுனை தெரியாது. எனவே தொழிலாளி அதைக் கழற்றிவிட்டு, வெறுங்கண்ணோடு தட்டத் தொடங்குகிறார். கண்ணாடிச் சில்லுபோல் கூரான கசடு தெறிப்பது அப்போதுதான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய கையோடு தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கீழே கொட்டும் கசடு எங்கே போகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். அது ஆயிரம் பாகைக்கு மேல் சூடுள்ள உருகல். தரையில் விழுந்து உருண்டு, பலகைச் சந்துக்குள்ளும் குழாய்த் துளைக்குள்ளும் புகுந்துவிடும். 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து, 76 பேர் மாண்டனர். கப்பலின் எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததால் உண்டான ஆவியைக் கட்டிங் டார்ச்சின் தீப்பொறி பற்றவைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. தகட்டின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறவருக்கு அடிப்பக்கத்தில் இருப்பது தெரியாது. அடியிலும் மறுபக்கத்திலும் எண்ணெயோ வாயுவோ இல்லை என்று சோதித்து, வேலை அனுமதிச் சீட்டு கையெழுத்தான பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும், விழுந்த கசடு முழுவதும் ஆறிவிட்டதா என்று ஒருவர் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.