தலைச்சாயம்: முதலில் காதின் பின்னே ஒரு துளி

குத்தம்பாக்கத்திலிருந்து ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், மகளின் திருமணத்திற்கு இரண்டு நாள் இருக்கும்போது புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். கண்ணிமைகள் திறக்க இயலாதபடி வீங்கியிருந்தன. காதோரமும் கழுத்தும் சிவந்து நீர் கசிந்தது. இரண்டு நாட்களுக்கு முன் தலைச்சாயம் பூசியிருந்தார். "ஆறு வருடமாக இதே சாயம்தான், டாக்டர்" என்றார்.

ஆறு வருடப் பழக்கம் பாதுகாப்பாகாது. கருஞ்சாயங்கள் பலவற்றிலும் உள்ள பாராபினைலின்டையமின் என்னும் வேதிப்பொருளை உடல் எந்த முறை வேண்டுமானாலும் பகையாகக் கருதத் தொடங்கலாம். அதன்பின் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒவ்வாமை எழும். உச்சந்தலைத் தோல் தடிப்பானது. ஆகவே மெல்லிய இமையே முதலில் வீங்குகிறது. 'அம்மோனியா இல்லாதது' என்னும் அறிவிப்பு இப்பொருள் இல்லை என்று பொருள்படாது. கருப்பு மருதாணிப் பொடிகளிலும் இது கலந்திருப்பதுண்டு.

ஆகவே, ஒவ்வொரு முறையும் சாயம் பூசுமுன் சோதித்துப் பாருங்கள். காதின் பின்புறத்தையோ முழங்கையின் உட்பக்கத்தையோ சோப்பிட்டுக் கழுவித் துடையுங்கள். தலைக்குப் பூசும்போது எப்படிக் கலப்பீர்களோ அதே விகிதத்தில் சிறிதளவு சாயத்தைக் கலந்து, பஞ்சுக் குச்சியால் ஒரு ரூபாய் நாணய அளவு தடவி உலரவிடுங்கள். மேலே பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். மூடினால் மருந்து ஆழமாக இறங்கித் தோலைப் புண்ணாக்கக்கூடும். 24 மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். இடையில் அரிப்போ எரிச்சலோ எழுந்தால் அப்போதே கழுவிவிட வேண்டும்.

நம் நாட்டில் சாயப் பெட்டிகளுடன் வரும் எச்சரிக்கைக் குறிப்பு பொதுவாக இந்த 24 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு இது போதுமானதாகத் தோன்றவில்லை. இவ்வகை ஒவ்வாமை தாமதமாக எழுவது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் பெரும்பாலும் தெரியும். எனவே கழுவியபின் மேலும் மூன்று நாள் அந்த இடத்தைப் பாருங்கள். ஞாயிறு திருமணமென்றால் முந்தைய ஞாயிறே சோதனையைத் தொடங்குங்கள். வியாழன்வரை தோல் தெளிவாயிருந்தால் அன்று மாலை பூசலாம்.

பூசியவுடன் எரிந்து, கழுவியதும் அடங்குவது பெரும்பாலும் வெறும் உறுத்தல். மறுநாளோ அதற்குப் பின்னரோ அரிப்புடன் சிவந்து, தடித்து, சிறு கொப்புளம் கண்டால் அது ஒவ்வாமை. அச்சாயத்தை அறவே விடவேண்டும். வேறு நிறுவனத்தின் கருஞ்சாயத்திலும் அதே பொருள் இருக்கக்கூடும்.

தோல் தெளிவாக இருப்பது முழு உறுதியன்று. சிலருக்குச் சோதனையில் தென்படாமல் பூச்சின்போது வெளிப்படலாம். சாயமோ கருப்பு மருதாணியோ முன்பு ஒருமுறை கொப்புளம் தந்திருந்தால் வீட்டில் சோதிக்கவே கூடாது. அவர்களுக்கு மருத்துவமனையில் குறைந்த செறிவுள்ள மருந்தை முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்போம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் தாமதியாமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அவர் மாத்திரையோடும் களிம்போடும் திருமணத்திற்குச் சென்றார். இப்போது நரைத்த தலையோடுதான் மறுபரிசோதனைக்கு வருகிறார்.